அறை வாடகை: டேப் வைத்து அளப்பதா, சீட்டில் எழுதிக் கேட்பதா?

மூன்று பேர், மூன்று அறை. பெரிய அறை பாத்ரூமோடு சேர்த்து 180 சதுர அடி. இரண்டாவது 120, ஜன்னல் பெரிது, நாள் முழுக்க வெளிச்சம். மூன்றாவது 100, பகலிலேயே விளக்குப் போட வேண்டும். ஹால், சமையலறை, பொது பாத்ரூம் எல்லாம் சேர்த்து 400. மொத்த வாடகை 300 என்று வைத்துக்கொள்வோம்.

தலைக்கு 100 என்று சமமாகப் பிரித்து, அறைக்குக் குலுக்கல் போடுவதுதான் பலரும் முதலில் செய்வது. குலுக்கலில் பெரிய அறை விழுந்தவருக்கு மட்டும் இது நியாயமாகப் படும். நான் ஒரு வருடம் இருட்டறையில் இருந்தேன், எனக்குப் படவில்லை.

அடுத்தது டேப். இதில் ஒரு தப்பு அடிக்கடி நடக்கும்: அறைகளின் பரப்பை மட்டும் வைத்து முழு வாடகையையும் பிரிப்பது. அப்படிச் செய்தால் 135, 90, 75 என்று வரும். ஆனால் வீட்டில் பாதி பொது இடம், அதை எல்லோரும் ஒரே அளவுதான் பயன்படுத்துகிறார்கள். எனவே பாதி வாடகையான 150-ஐத் தலைக்கு 50 என்று சமமாகப் போட்டு, மீதி 150-ஐ மட்டும் பரப்பளவுப்படி பிரிக்க வேண்டும். அப்போது 117.5, 95, 87.5. பெரிய அறைக்கும் சின்ன அறைக்கும் நடுவே 60 ஆக இருந்த வித்தியாசம் 30 ஆகிவிட்டது.

சரி, வெளிச்சம் எங்கே போனது? டேப்புக்கு அது தெரியாது. அட்டாச்டு பாத்ரூமும் அதற்கு வெறும் 40 சதுர அடிதான். காலையில் கதவைத் தட்டிக் காத்திருக்காத வசதியை அது அளக்காது. வெளிச்சத்துக்கு 5, பாத்ரூமுக்கு 15 என்று தனியாகச் சேர்க்கலாம். ஆனால் அந்த 5 யாருடைய 5 என்பதில்தான் சண்டையே வரும்.

அதனால் எனக்குப் பிடித்தது சீட்டு முறை. ஒவ்வொருவரும் மற்றவருக்குக் காட்டாமல், மூன்று அறைக்கும் தாங்கள் தரும் மதிப்பை, கூட்டினால் 300 வரும்படி எழுத வேண்டும். இரவு வேலைக்குப் போய்ப் பகலில் தூங்குகிறவர் எழுதியது: பெரிய அறை 120, வெளிச்ச அறை 85, இருட்டறை 95. படம் வரைகிறவர்: 110, 120, 70. மூன்றாமவருக்குத் தனி பாத்ரூம் இல்லாமல் முடியாது: 145, 95, 60.

மொத்த மதிப்பு அதிகபட்சமாக வரும்படி அறைகளை ஒதுக்கினால், மூன்றாமவருக்குப் பெரியது, ஓவியருக்கு வெளிச்சம், இரவு வேலைக்காரருக்கு இருட்டு. 145, 120, 95 சேர்ந்து 360. வாடகைக்கு மேல் 60 மிச்சம். ஆளுக்கு 20 கழித்தால் 125, 100, 75. தங்கள் மதிப்பைவிட 20 குறைவாகத்தான் ஒவ்வொருவரும் கொடுக்கிறார்கள். அறையை மாற்றிக்கொண்டால் யாருக்கும் லாபமில்லை. டேப் 87.5 கேட்ட இருட்டறை இப்போது 75. அதை மற்ற இருவரும் விரும்பாததால் கிடைத்த விலை அது.

ஆனால் மிச்சத்தைச் சமமாகப் பிரித்துவிட்டு எழுந்துபோகக் கூடாது. இரவு வேலைக்காரர் 150, 64, 86 என்று எழுதியிருந்தால்? ஒதுக்கீடு மாறாது, மிச்சம் 51, ஆளுக்கு 17. பெரிய அறை 128, வெளிச்ச அறை 103, இருட்டறை 69. இருட்டறையில் அவருக்கு லாபம் 17. பெரிய அறைக்குப் போனால் 150-இல் 128 போக 22. அவர் முகம் சுளிப்பார், நியாயம்தான். பெரிய அறையை 131 ஆக்கி, இருட்டறையை 66 ஆக்கினால் அவருக்கு இங்கே 20, அங்கே 19. மற்ற இருவருக்கும் அப்போதும் மாற மனம் வராது. அதாவது, கணக்கு முடிந்ததும் ஒவ்வொருவரிடமும் “இந்த விலைக்கு அந்த அறைக்கு மாறிக்கொள்கிறீர்களா?” என்று கேட்டே ஆக வேண்டும்.

எண் எழுத வராதவர்களுக்கு அந்தக் கேள்வி மட்டுமே போதும். விலைகளைச் சொல்லி, எது வேண்டும் என்று கேட்டுக் கேட்டு நெருங்கலாம். ஆளுக்கொரு அறையைத் தேர்ந்தெடுக்கும் விலை, தேவையான அளவு நெருக்கமாக, கிடைக்கும் என்று கணிதவியலாளர் பிரான்சிஸ் சூ 1999-இல் எழுதிய கட்டுரையில் காட்டினார். இலவச அறை கிடைத்தால் காசு கொடுக்கும் அறையை யாரும் எடுக்க மாட்டார்கள் என்பது அதன் நிபந்தனைகளில் ஒன்று.

சீட்டு முறை இரண்டு இடத்தில் உதைக்கும். மற்றவர் சீட்டு முன்பே தெரிந்தால், தன் அறையின் மதிப்பைக் குறைத்து எழுதி விலையை இறக்கலாம். அதனால் மடித்து வைத்து ஒரே நேரத்தில் திறக்க வேண்டும். இன்னொன்று, கையில் 80-க்கு மேல் இல்லாதவர். பெரிய அறைக்கு 120 என்று எழுதுவது அவர் ஆசை, கொடுக்க முடிகிற தொகை அல்ல. அவர் தன் வரம்பைச் சீட்டு எழுதும் முன்பே சொல்லிவிட வேண்டும், அதற்கு மேல் விலை வந்த அறை அவருக்குப் போகக் கூடாது.