நீண்ட ஓட்டத்துக்கு முன்னால் டீயா, ஃபில்டர் காபியா, பிளாக் காபியா, கஃபீன் மாத்திரையா?

காசிமேட்டில் மீன் ஏலம் விடியுமுன்பே களைகட்டிவிடும் என்பதால் அதிகாலையிலேயே டீ கிடைக்கும். ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கத்திலிருந்து எண்ணூர் விரைவுச் சாலையில் ஓட வருகிறவர்களில் பலர் அங்கே ஒரு கிளாஸ் டீ அடித்துவிட்டு உடனே கிளம்பிவிடுவார்கள். சுறுசுறுப்பு வந்த மாதிரி இருக்கும். ஆனால் 16 கி.மீ. ஓட்டத்தின் கடைசி ஐந்து கிலோமீட்டரில் கால் கனக்காமல் இருக்க அந்த டீ உதவுமா என்பது வேறு கேள்வி. அதற்குக் கஃபீனின் அளவு, குடிக்கும் நேரம், வயிறு மூன்றும் ஒத்துவர வேண்டும்.

முதலில் அளவு. நீண்ட நேரம் தாக்குப்பிடிக்க வேண்டிய பயிற்சிகளில் தெளிவான பலன் தெரிவது உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 3 முதல் 6 மில்லிகிராம் கஃபீனில். சிலருக்கு 2 மி.கி. போதும். 9 மி.கி.க்குப் போனால் பலன் கூடுவதில்லை, படபடப்பும் குமட்டலும்தான் கூடும். பலன் என்பது சராசரியாக 2 முதல் 4 சதவீதம். கிலோமீட்டருக்கு 6 நிமிடம் என்ற வேகத்தில் 16 கி.மீ. ஓடுகிறவருக்கு 96 நிமிடம் ஆகும். அதில் 3 சதவீதம் என்றால் கிட்டத்தட்ட மூன்று நிமிடம். களைப்பை மூளைக்கு உணர்த்தும் அடினோசின் போய் உட்கார வேண்டிய இடத்தில் கஃபீன் உட்கார்ந்துகொள்கிறது, அதனால் அதே வேகம் கொஞ்சம் லேசாகத் தெரிகிறது.

எங்கள் ஓட்டக் குழுவில் இருக்கும் ஒரு தம்பிக்கு எடை 60 கிலோ. குறைந்தபட்சக் கணக்காக 3 மி.கி. வைத்தாலே 180 மி.கி. வேண்டும். இந்த 180-ஐ வைத்தே நாலையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2024 உணவு வழிகாட்டியில் 150 மில்லி டீக்கு 30 முதல் 65 மி.கி. கஃபீன் என்று இருக்கிறது. நம்ம கடை கிளாஸ் அதைவிடச் சின்னது, பாதிக்கு மேல் பாலும் இருக்கும். 180 மி.கி. தேற வேண்டுமானால் நாலைந்து கிளாஸாவது உள்ளே போக வேண்டும். அத்தனை பாலையும் சர்க்கரையையும் வயிற்றில் வைத்துக்கொண்டு யாராலும் ஓட முடியாது. அதனால் நேரம் குறைக்கப் பார்க்கும் நாளில் டீ போட்டிக்கே வராது. சாதாரண நாளில் 5 கி.மீ. மெதுவாக ஓடத் தாராளமாகக் குடிக்கலாம்.

ஃபில்டர் காபியின் சிக்கல் வேறு: அதில் எவ்வளவு இருக்கிறது என்று உங்களுக்கே தெரியாது. சிக்கரியில் கஃபீன் கிடையாது. 30 சதவீதம் சிக்கரி கலந்த தூள் 10 கிராம் போட்டால் காபி 7 கிராம்தான். அது அராபிகாவாக இருந்தால் கஃபீன் 1 சதவீதத்துக்குச் சற்று மேல், ரோபஸ்டாவாக இருந்தால் ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆக, ஒரே டம்ளரில் 80 மி.கி.யும் இருக்கலாம், 150-ஐயும் தொடலாம். இறங்கியது முதல் டிகாக்ஷனா இரண்டாவதா என்பதைப் பொறுத்தும் மாறும். வீட்டில் அம்மா போடும் காபியை நான் எந்தக் கணக்குக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் அதை ஓடி முடித்துக் குளித்துவிட்டு நிதானமாகக் குடிப்பதே நல்லது. பெரியவர்களில் நிறையப் பேருக்குப் பாலின் லாக்டோஸ் முழுதாகச் செரிப்பதில்லை. உட்கார்ந்திருக்கும்போது அது தெரியாது, ஓட ஆரம்பித்தால் வயிறு உப்பி இழுத்துப் பிடிக்கும்.

மிஞ்சுவது இன்ஸ்டன்ட் தூளில் போட்ட பிளாக் காபியும் மாத்திரையும். சிக்கரி கலக்காத இன்ஸ்டன்ட் தூள் 2 கிராமுக்குச் சுமார் 60 மி.கி. கஃபீன் என்று வைத்துக்கொள்ளலாம். பாக்கெட்டின் பின்புறத்தைப் படித்தே வாங்க வேண்டும், நம் ஊரில் விற்கும் பல இன்ஸ்டன்ட் தூள்களிலும் சிக்கரி உண்டு. அந்தத் தம்பிக்குச் சொன்னது இதுதான்: 6 கிராம் தூள், 200 மில்லி வெந்நீர், பால் வேண்டாம். 5.30-க்கு ஓட்டம் என்றால் 4.30-க்குக் குடித்து முடித்துவிட வேண்டும். குடித்த 30 முதல் 60 நிமிடத்தில் ரத்தத்தில் கஃபீன் உச்சத்துக்கு வரும். கடையில் டீ குடித்த கையோடு ஓட ஆரம்பிப்பவருக்கு அந்த உச்சம் பாதி வழியில்தான் வரும்.

அந்த ஒரு மணி நேர இடைவெளிக்கு இன்னொரு காரணமும் உண்டு. காபி உள்ளே போன சில நிமிடங்களிலேயே பலருக்குப் பெருங்குடல் அசைய ஆரம்பித்துவிடும். கஃபீன் நீக்கிய காபியும் இதைச் செய்யும் என்பதால் பழி முழுவதையும் கஃபீன் மேல் போட முடியாது. 4.30-க்குக் குடித்தால் இந்த வேலை வீட்டிலேயே முடிந்துவிடும். ஐந்தேகாலுக்குக் குடித்தால் திருவொற்றியூரைத் தாண்டும்போது, ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கன்டெய்னர் லாரி என்று இருக்கிற இடத்தில், கழிப்பறை தேட வேண்டிவரும். ஓடும்போது ரத்தம் குடலை விட்டுக் கால் தசைகளுக்குப் போய்விடுகிறது, நம் கடற்கரைப் புழுக்கத்தில் தோலுக்கும் போகிறது. அதனால் அப்போது வரும் கலக்கம் சாதாரண நேரத்தில் வருவதைவிட மோசமாக இருக்கும்.

இத்தனை செய்தும் காபி வயிற்றைப் புரட்டுகிறது என்பவருக்கு மாத்திரை நல்ல வழி. காபியின் மற்றச் சரக்குகள் அதில் இல்லை, அளவும் திட்டவட்டம். ஆனால் அந்தத் திட்டவட்டமே ஆபத்தாகவும் முடியலாம். 200 மி.கி. மாத்திரை 45 கிலோ எடையுள்ளவருக்குக் கிலோவுக்கு 4 மி.கி.க்கும் மேல். அவர் பாதியில் ஆரம்பிக்க வேண்டும். காபி பத்தாது என்று மேலே ஒன்று போடுவதும் கூடாது, அதே வழிகாட்டி ஒரு நாளைக்கு மொத்தம் 300 மி.கி.யோடு நிறுத்தச் சொல்கிறது. சுத்தக் கஃபீன் பொடியை வீட்டில் வைத்துக்கொள்ளவே வேண்டாம், ஒரு டீஸ்பூன் உயிருக்கே ஆபத்து. இதயத் துடிப்புக் கோளாறு, அடங்காத ரத்த அழுத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் மாத்திரைப் பக்கம் போகக் கூடாது.

என் ஓட்டு பிளாக் காபிக்கு. அதையும் போட்டி நாளில் முதன்முதலாகச் சோதித்துப் பார்க்காதீர்கள். சில வாரம் முன்பே, ஒரு நீண்ட ஓட்ட நாளில் 4 கிராம் தூளில் ஆரம்பியுங்கள். கை நடுங்கினால், நிற்கும்போதே நெஞ்சு படபடத்தால், முதல் இரண்டு கிலோமீட்டரைத் தன்னையறியாமல் வேகமாக ஓடிவிட்டால், அளவு அதிகம். திரும்பி வரும் பாதியில் வேகம் வழக்கம்போல் விழாமல் நின்றால் அளவு சரி. ஒன்றுமே தெரியவில்லை என்றால் 6 கிராமுக்குப் போகலாம். கஃபீனை உடைக்கும் நொதியின் வேகம் ஆளுக்கு ஆள் பிறவியிலேயே வேறுபடும். நண்பனுக்குச் சரியாக வந்த அளவு உங்களுக்கும் வரும் என்று நினைக்க வேண்டாம்.

மாலையில் வியாசர்பாடி மைதானத்தில் பந்து ஆடுகிறவர்களுக்கும் குத்துச்சண்டைப் பயிற்சிக்குப் போகிறவர்களுக்கும் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. கஃபீன் உடலில் பாதியாகக் குறையச் சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். மாலை 6 மணிக்கு 180 மி.கி. எடுத்தால் இரவு 11 மணிக்கும் கிட்டத்தட்ட 90 மி.கி. மிச்சம் இருக்கும். அது ஒரு கப் இன்ஸ்டன்ட் காபியில் இருப்பதைவிட அதிகம். மறுநாள் காலையும் பயிற்சி இருக்கிறவர் மாலையில் கடை டீ ஒன்றோடு நிறுத்திக்கொள்ளலாம், தூக்கம் வராத ஆள் என்றால் அதுவும் வேண்டாம்.