வர்க்கமூலமா, நேரடி எண்ணிக்கையா: அல்லீல் நிகழ்வெண்ணைக் கணக்கிட இரண்டு வழிகள்

ஒரு மக்கள்தொகையில் ஓர் அல்லீல், அதாவது ஒரு மரபணுவின் ஒரு வடிவம், எவ்வளவு பரவியிருக்கிறது என்று கணக்கிட இரண்டு வழிகள் உண்டு. ஒடுங்கு பண்பு வெளிப்பட்டவர்களின் விகிதத்தை q² என்று வைத்து வர்க்கமூலம் எடுப்பது ஒன்று. ஒவ்வொருவரின் மரபணு வகையையும் கண்டறிந்து அல்லீல்களை நேரடியாக எண்ணுவது மற்றொன்று. என்னிடம் மரபணு வகைத் தரவு இருந்தால் இப்போது இரண்டாவதை மட்டுமே செய்கிறேன். முதல் வழி வேகமானது, மலிவானது; அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. என் தேர்வைத் தீர்மானித்தது வேறொன்று: ஹார்டி-வெயின்பெர்க் சமநிலை குலைந்திருந்தால் அதை எந்த வழி காட்டிக்கொடுக்கும்? ஓர் அல்லீலின் நிகழ்வெண் q, மற்றதன் நிகழ்வெண் p = 1 − q என்றால், மூன்று மரபணு வகைகளும் p², 2pq, q² என்ற விகிதங்களில் இருப்பதே அந்தச் சமநிலை.

1956-இல் மரபியலாளர் ஆண்டனி அல்லிசன் வெளியிட்ட தரவை எடுத்துக்கொள்வோம். இன்றைய தான்சானியாவின் முசோமா பகுதியில் கதிர் அரிவாள் இரத்தசோகைக்குக் காரணமான S அல்லீலைப் பற்றியது அது. பெரியவர்கள் 654 பேரில் இயல்பான A அல்லீல் இரண்டு கொண்ட AA 400, இரண்டிலும் ஒவ்வொன்று கொண்ட AS 249, S இரண்டு கொண்ட SS 5.

வர்க்கமூல வழியில் SS விகிதம் 5/654. அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 0.087. இதை 2pq-வில் இட்டால் AS வகையினர் 104 பேர்தான் இருக்க வேண்டும். உண்மையில் இருந்தவர்களோ 249 பேர்.

எண்ணிப் பார்த்தால் கதை வேறு. ஒவ்வொருவருக்கும் இரண்டு வீதம் மொத்தம் 1308 அல்லீல்கள். S அல்லீல்கள் 249 + 10 = 259. ஆக q = 0.198. வர்க்கமூலம் தந்த மதிப்பைப்போல் இது இரண்டு மடங்குக்கும் அதிகம். இந்த q-வை வைத்துச் சமநிலையில் எதிர்பார்க்கும் எண்ணிக்கையைக் கணக்கிட்டால் AA 421, AS 208, SS 26 என்று வருகிறது. எதிர்பார்ப்புக்கும் உண்மைக்கும் உள்ள இடைவெளியை அளக்கும் கை-வர்க்க மதிப்பு ஏறத்தாழ 26. வழக்கமான வரம்பு 3.84 மட்டுமே. SS பெரிதும் குறைந்திருக்கிறது, AS மிகுந்திருக்கிறது.

நான் சொல்லவந்த வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. வர்க்கமூலம் எடுக்கும்போதே சமநிலை இருப்பதாக ஒப்புக்கொண்டுவிடுகிறோம். பிறகு அதே q-விலிருந்து q²-ஐக் கணக்கிட்டால் தொடங்கிய எண்ணே திரும்பி வரும். எப்போதும் பொருந்தும் சோதனை எதையும் சோதிப்பதில்லை. எண்ணும் முறையில் q-வைப் பெறச் சமநிலை தேவையே இல்லை. அதனால் மூன்று மரபணு வகைகளும் எப்படிப் பிரிந்திருக்கின்றன என்பது தனிச் சாட்சியாக எஞ்சுகிறது.

அந்தச் சாட்சி என்ன சொல்கிறது? SS வகையினர் இளமையிலேயே இறந்துபோனதுதான் முழுக் காரணமா? அதே தரவில் குழந்தைகள் 287 பேரும் இருக்கிறார்கள்: AA 189, AS 89, SS 9. இங்கே q = 0.186. எதிர்பார்ப்பு 190, 87, 10. கிட்டத்தட்ட அப்படியே பொருந்துகிறது. ஆக, சமநிலை குலைவது பிறப்புக்கும் முதிர்ச்சிக்கும் இடையில். SS மட்டுமே இறந்திருந்தால் AS-க்கும் AA-வுக்கும் உள்ள விகிதம் மாறியிருக்கக் கூடாது. ஆனால் குழந்தைகளிடம் 0.47 ஆக இருந்தது பெரியவர்களிடம் 0.62 ஆகியிருக்கிறது. அதாவது AS-இன் பிழைப்பை 1 என்று வைத்தால் AA-வின் பிழைப்பு சுமார் 0.76. AA வகையினரும் இழப்புக்கு ஆளாகியிருக்கிறார்கள். மலேரியா மிகுந்த பகுதியில் S அல்லீல் ஒன்று மட்டும் இருப்பது பாதுகாப்பு என்ற விளக்கத்துக்கு இது கச்சிதமாகப் பொருந்துகிறது. இன்னொன்றையும் கவனியுங்கள்: இரு வயதுக் குழுக்களிலும் q ஏறத்தாழ ஒன்றே. வெறும் நிகழ்வெண்ணை மட்டும் பார்த்திருந்தால் இத்தனை மரணங்களும் கண்ணில் படாமலே போயிருக்கும்.

இந்தப் பிழைப்பு விகிதத்தைக் கொஞ்சம் தள்ளி நின்றே படிக்க வேண்டும். இந்தக் குழந்தைகளே வளர்ந்து அந்தப் பெரியவர்கள் ஆகவில்லை. ஒரே காலத்தில் எடுத்த இரண்டு மாதிரிகள் இவை. SS எண்ணிக்கைகளான 9, 5 மிகச் சிறியவை. குழந்தைகளின் தரவு சமநிலையோடு பொருந்துவதாலேயே அங்கே இயற்கைத் தேர்வு எதுவும் நடக்கவில்லை என்றும் சொல்லிவிட முடியாது. சிறிய மாதிரியில் மிதமான குலைவு எளிதில் ஒளிந்துகொள்ளும்.

எண்ணும் முறைக்கும் ஒரு பலவீனம் உண்டு. ஆய்வகச் சோதனை ஓர் அல்லீலைத் தவறவிட்டால் AS போன்ற கலப்பு வகையினர் AA என்றோ SS என்றோ பதிவாவார்கள். அப்போது கலப்பு வகை குறையும். உறவுக்குள் திருமணமும், தனித்தனிக் குழுக்களை ஒன்றாகச் சேர்த்து எண்ணுவதும் இதே தடயத்தைத்தான் விடும். எனவே கலப்பு வகை குறைந்திருந்தால் முதலில் சோதனை முறையைச் சந்தேகிப்பேன். காட்டுயிர்த் தரவில் எனக்கு அனுபவம் குறைவு. அங்கே இந்த வரிசை மாறக்கூடும்.

வர்க்கமூலம் எப்போது கைகொடுக்கும்? நோயுற்றவர்களின் எண்ணிக்கை மட்டுமே கையில் இருக்கும்போது. 10,000 பேரில் ஒருவருக்கு ஓர் ஒடுங்கு நோய் என்றால் q = 0.01, ஐம்பதில் ஒருவர் அந்த அல்லீலைச் சுமப்பவர். ஆனால் அங்கே உறவுமுறைத் திருமணம் வழக்கமாக இருந்து, அதன் அளவைச் சொல்லும் உட்கலப்புக் கெழு F = 0.01 என்றால் நோயுற்றோர் விகிதம் q² + Fpq ஆகிவிடும். அதே 10,000-இல் ஒருவருக்கு q வெறும் 0.0062, சுமப்பவர்கள் எண்பதில் ஒருவர் அளவுக்குக் குறைந்துவிடுவார்கள். நோயுற்றோர் எண்ணிக்கை ஒன்றை மட்டும் வைத்து இந்த F-ஐக் கண்டுபிடிக்க வழியில்லை.