செய்முறை அட்டையைப் படத்திலிருந்து எழுத்தாக்க: லென்ஸா, டெஸராக்ட்டா, கைத்தட்டச்சா?

ஒரு மைசூர்பாகு அட்டை. அச்சில் உள்ளது: கடலை மாவு 1 கப், சர்க்கரை 2½ கப், நெய் 1½ கப், தண்ணீர் ½ கப். பேனாவால் 2½-ஐ அடித்துவிட்டு மேலே 2 என்று எழுதியிருக்கிறது. நெய்க்குப் பக்கத்தில் பென்சிலில் "+½". ஓரத்தில், "மாவை நெய்யில கரைச்சுக்கணும்".

ஒன்றிரண்டு அட்டைகள்தான் என்றால் கூகுள் லென்ஸ் போதும். அச்சு வரிகளை நன்றாகவே எடுத்துக்கொடுக்கும். சிக்கல் திருத்தங்களில்தான். அடித்த எண் அடிக்காதது போலவே வரலாம், மேலே எழுதிய 2 தனி வரியாகப் பிரிந்துபோகலாம். எது செல்லும், எது செல்லாது என்று அது சொல்லாது.

டெஸராக்ட் இலவசம். ஒரு அட்டைக்கான கட்டளை கீழே; இதையே லூப்பில் போட்டு நாற்பது அட்டைகளை மொத்தமாக ஓட்டலாம்:

```
tesseract card.jpg out -l tam+eng --psm 6
```

ஆனால் இது அச்செழுத்துக்கானது, கையெழுத்தை நம்பிக் கொடுக்க முடியாது. எடுத்த எழுத்தைப் பைத்தானில் சுத்தம் செய்பவர்களுக்கு இன்னொரு பொறியும் உண்டு:

```
unicodedata.normalize("NFKC", "1½")   # 11⁄2
```

ஒன்றரை கப் நெய் இப்படிப் பதினொன்றின் கீழ் இரண்டாகிவிடும், அதாவது ஐந்தரை கப். இதையாவது பார்த்ததும் பிடித்துவிடலாம். 2½-இல் ½ மட்டும் உதிர்ந்து 2 என்று நின்றால் சந்தேகமே வராது. ஆபத்து அதில்தான் அதிகம்.

அதனால் வாக்கியங்களை லென்ஸில் எடுத்து, எண்களை மட்டும் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக் கையால் அடிப்பதே சரி. எக்செல்லில் வெறும் 1/2 என்று அடித்தால் தேதியாக மாறிவிடும். கட்டத்தை முதலில் 'Text' ஆக்குங்கள், அல்லது "அரை" என்றே எழுதிவிடுங்கள்.

இனி அந்த "+½". மொத்தமே அரை கப்பா, கூடுதலாக அரை கப்பா? ஓரக்குறிப்பையும் சேர்த்துப் படித்தால் தெளிவாகிறது: மாவு கரைக்க ½, பிறகு ஊற்ற 1½. பட்டியலில் 2 கப் என்று போட வேண்டும். படிகளில் வரும் நெய்யைக் கூட்டினாலும் அதே 2 வர வேண்டும். வராவிட்டால் ஏதோ ஒரு திருத்தம் விட்டுப்போயிருக்கிறது.

பொருட்கள்: கடலை மாவு 1 கப், சர்க்கரை 2 கப், நெய் 2 கப் (½ + 1½), தண்ணீர் ½ கப்.

1. சலித்த மாவை ½ கப் நெய்யில் கட்டியில்லாமல் கரைக்கவும்.
2. சர்க்கரையைத் தண்ணீர் விட்டு ஒற்றைக் கம்பிப் பதத்துக்குக் காய்ச்சவும்.
3. மாவுக் கரைசலை ஊற்றிச் சிறுதீயில் கிளறவும்.
4. மீதி 1½ கப் நெய்யைச் சூடாக, கரண்டி கரண்டியாக ஊற்றிக் கிளறவும்.
5. நுரைத்து ஓரம் விட்டு வரும்போது நெய் தடவிய தட்டில் கொட்டவும்.

ஓரக்குறிப்பு முதல் படியாகிவிட்டதைக் கவனியுங்கள். லென்ஸ் அதை இருந்த இடத்திலேயே, கடைசி வரியாகக் கொடுத்திருக்கும்.