14,500 ரூபாய்க்கு ஒரு ஜோடி ஷூ: குழந்தையின் பாதம் உள்பக்கம் திரும்பியிருந்தால் வாங்குவதற்கு முன் இதைப் படியுங்கள்

என் மகளுக்கு அப்போது இரண்டே கால் வயது. ஓடும்போது ஒரு கால் இன்னொரு காலில் தட்டி, நாளுக்கு நான்கைந்து முறை விழுவாள். நிற்கும்போது இரண்டு பெருவிரல்களும் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கும். “பெண் குழந்தை, இப்போதே காட்டிவிடுங்கள்” என்று வீட்டில் ஆளாளுக்குச் சொன்னார்கள். பயந்துபோய், தெரிந்தவர் சொன்ன ஒரு கால் சிகிச்சை நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

அங்கே இருந்தவர் அவளை ஒருமுறை நடக்கவிட்டுப் பார்த்தார். காலைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். அதில் என்ன தெரிகிறது என்று விளக்கவும் இல்லை. “இப்போது விட்டால் இடுப்பு கோணிவிடும், பிறகு ஆபரேஷன்தான்” என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் நான் விழுந்துவிட்டேன். கணுக்காலுக்கு மேல் ஏறும் விறைப்பான ஷூ ஒரு ஜோடி, இரவில் இரண்டு ஷூக்களையும் இணைக்கும் உலோகப் பட்டை, எல்லாம் சேர்த்து 14,500 ரூபாய். ரசீது கேட்டபோது ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள்.

பதினோரு இரவுகள் அதைப் போட்டோம். புரண்டு படுக்க முடியாமல் அழுதாள். பன்னிரண்டாம் நாள் காலை ஷூவைக் கழற்றியபோது, வலது குதிகாலுக்கு மேலே தோல் உரிந்து, காலுறை ஒட்டிக்கொண்டிருந்தது. அன்றே குழந்தைகளுக்கான எலும்பு மருத்துவரிடம் போனோம்.

அவர் முதலில் செய்தது இதுதான். அவளை நிற்க வைத்து, முழங்கால் சில்லின் நடுவில் பேனாவால் ஒரு புள்ளி வைத்தார். பாதங்கள் உள்ளே திரும்பியிருந்தன. புள்ளிகள் நேராக எங்களைப் பார்த்தன. பிறகு மேசையில் குப்புறப் படுக்க வைத்து முழங்காலை மடக்கினார். உள்ளங்கால் கூரையைப் பார்த்தது. மேலிருந்து பார்த்தால் பாதம் தொடையின் நேர்க்கோட்டிலிருந்து உள்பக்கமாக விலகியிருந்தது. “தொடையில் ஒன்றும் இல்லை, பாதத்தின் வடிவமும் வளையாமல் நேராக இருக்கிறது. முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்புதான் சற்று முறுக்கியிருக்கிறது” என்றார். கருவில் கால்கள் மடங்கிக் கிடக்கும் நிலையோடு சேர்ந்து வரும் முறுக்கு இது. நடக்கத் தொடங்கும் வயதில்தான் கண்ணுக்குத் தெரியும். எலும்பு வளர வளரத் தானாகவே அவிழும். பெரும்பாலும் நான்கு, ஐந்து வயதுக்குள் சரியாகிவிடும்.

ஷூவும் பட்டையும் எதற்கு என்று கேட்டேன். ஷூ பாதத்தைத்தான் பிடிக்கும், எலும்பின் முறுக்கை அது மாற்றாது என்றார். போட்ட குழந்தைகளுக்கும் போடாத குழந்தைகளுக்கும் அதே வேகத்தில்தான் சரியாகிறதாம். எனக்குக் கோபம் வந்தது இங்கேதான். தானாகச் சரியாகப்போகும் ஒன்றுக்குக் கருவியை விற்றுவிட்டு, இரண்டு வருடம் கழித்து “எங்கள் ஷூதான் சரிசெய்தது” என்று சொல்ல எவ்வளவு வசதி!

புள்ளி வைத்த சில்லுகளும் சேர்ந்து உள்ளே பார்த்தால் முறுக்கு தொடை எலும்பில் இருக்கிறது. அது மூன்று வயதுக்கு மேல் வெளிப்படும். அந்தக் குழந்தைகள் பாதங்களை இருபுறமும் பின்னால் விரித்து, நடுவில் உட்காருவார்கள். இது அவிழ எட்டு, பத்து வயது வரை ஆகலாம். அதன் பிறகும் மிக அதிகமாக இருந்து நடையைக் கெடுக்கும் ஒரு சிலருக்குத்தான் அறுவை சிகிச்சை பற்றிய பேச்சே வரும். கைக்குழந்தையின் பாதம் மட்டும் முந்திரிப்பருப்புபோல வளைந்திருந்தால், மெல்ல விரலால் தள்ளிப் பார்க்கச் சொன்னார். நேராக வந்தால் அதுவும் தானாகச் சரியாகும். தள்ளியும் வராமல் விறைத்திருந்தால் காத்திருக்கக் கூடாது. சில மாதக் குழந்தையாக இருக்கும்போதே மாவுக்கட்டு போட வேண்டியிருக்கலாம்.

எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிடலாம் என்று நான் சொல்லவில்லை. ஒரு காலில் மட்டும் வெகுவாகத் திரும்பியிருந்தால், வலி இருந்தால், நொண்டினால், மாதத்துக்கு மாதம் கூடினால், எப்போதும் நுனிக்காலில் நடந்தால், உட்காரவும் நடக்கவும் மிகத் தாமதமாகியிருந்தால் மருத்துவரிடம் உடனே காட்டுங்கள். இடுப்பு மூட்டிலோ நரம்பிலோ சிக்கல் இருக்கலாம். அதையும் கையால் சோதித்துப் பார்ப்பவரிடம் காட்டுங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்கப் போனேன். “பயன்படுத்திய பொருள்” என்று மறுத்துவிட்டார்கள். துண்டுச் சீட்டில் நிலையத்தின் பெயர்கூட இல்லாததால் மேற்கொண்டு எதுவும் செய்ய முடியவில்லை.

மருத்துவர் சொன்னபடி ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவள் நடப்பதைக் கைப்பேசியில் படம்பிடித்து வைக்கிறேன். இப்போது நான்கு வயது. நேற்றுக் குளித்துவிட்டுத் துண்டோடு கூடத்தில் ஓடினாள். சிவப்புத் தரையில் ஈரத் தடங்கள் வரிசையாக விழுந்திருந்தன. வலது பாதம் நேராக இருந்தது. இடது பாதம் மட்டும் இன்னும் கொஞ்சம் உள்ளே சாய்ந்திருந்தது.