ஷெட்யூல் செய்தால் ரீச் குறையுமா? கையால் போடுவதும் கருவி போடுவதும்

இந்தச் சந்தேகம் சும்மா முளைத்ததல்ல. 2011 வாக்கில் பேஸ்புக், ஒரே வெளிக்கருவி வழியாக வந்த போஸ்ட்களை ஃபீடில் ஒன்றாகச் சுருட்டிவிடும். ரீச் அப்போது நிஜமாகவே அடிபட்டது. அந்தப் பழக்கம் போய்விட்டது, பயம் மட்டும் தங்கிவிட்டது. இன்ஸ்டாகிராமோ 2022-இல் தன் செயலிக்குள்ளேயே ஷெட்யூல் வசதியைக் கொடுத்துவிட்டது.

ஆக, போட்டி மூன்று பேருக்கு: கையால் போடுவது, செயலியிலேயே ஷெட்யூல் செய்வது, வெளிக்கருவியில் ஷெட்யூல் செய்வது.

கையால் போடுகிறவர் போட்டதும் அங்கேயே இருப்பார். முதல் கமெண்டுக்குப் பதில் சொல்வார், ஸ்டோரியில் பகிர்வார். ரீல்ஸில் செயலியின் பாட்டு நூலகத்திலிருந்து பாட்டும் சேர்ப்பார். வெளிக்கருவி தானாகப் போடும் ரீல்ஸில் பெரும்பாலும் அந்தப் பாட்டு கிடைக்காது. ஷெட்யூல் செய்தவரோ அந்த நேரத்தில் தூங்கிக்கொண்டிருப்பார். ரீச் குறைந்தால் பழி கருவி மேல் விழுகிறது. என் கணிப்பில், பாதிப் புகார்கள் இந்த வகைதான்.

சரி, எப்படிச் சோதிப்பது? ஒரு மிட்டாய்க் கடையின் பக்கம் என்று வைத்துக்கொள்வோம். செவ்வாய், வியாழன் இரண்டு நாளும் இரவு 7.30-க்கு ஒரே வகை போஸ்ட், இரண்டிலும் அதே அளவு ஹேஷ்டேக். இது ஒரு ஜோடி. படமும் வரிகளும் முழுக்கத் தயாரான பிறகே நாணயம் சுண்ட வேண்டும்: எது கையால், எது கருவியால் என்று. முன்பே முடிவு செய்தால், நல்ல படத்தை நம்மை அறியாமலே கைக்கு ஒதுக்கிவிடுவோம். இரண்டு நாளும் போஸ்ட் வெளியானதும் அரை மணி நேரம் பக்கத்தில் இருந்து பதில் சொல்லுங்கள். ஒவ்வொரு போஸ்ட்டுக்கும் சரியாக ஏழாவது நாள் இன்ஸைட்ஸில் ரீச்சைக் குறித்துக்கொள்ளுங்கள். பழையதற்கு ஒரு மாத ரீச்சும் புதியதற்கு இரண்டு நாள் ரீச்சும் வைத்து ஒப்பிட்டால் எல்லாம் வீண்.

இப்படி 20 ஜோடி, அதாவது 20 வாரம். பொறுமை வேண்டும்தான். சராசரி போடாதீர்கள், ஒரே ஒரு வைரல் ஜாங்கிரி படம் மொத்தக் கணக்கையும் சாய்த்துவிடும். ஜோடிக்கு ஜோடி யார் ஜெயித்தார் என்று மட்டும் எண்ணுங்கள். 12-க்கு 8 என்றால் அது நாணயம் சுண்டினாலும் வரக்கூடிய வித்தியாசம். ஒரு பக்கம் 15 அல்லது அதற்கு மேல் வந்தால்தான் தற்செயல் என்று ஒதுக்க முடியாது: வித்தியாசமே இல்லாத நிலையில் இப்படி வர வாய்ப்பு சுமார் 4 சதவீதம்தான். சின்ன வித்தியாசம், பத்து சதவீதம் போல, இந்த 20-இல் பிடிபடாமலும் போகலாம்.

கருவி தோற்றால் உடனே அதைத் தூக்கிப் போட வேண்டாம். அடுத்த சுற்றில் அதே கருவியில் ஷெட்யூல் செய்யாமல், 7.30-க்கு நீங்களே ‘இப்போதே வெளியிடு’ பொத்தானை அழுத்துங்கள். அப்போதும் தோற்றால் சிக்கல் கருவியில். தோற்காவிட்டால் ஷெட்யூல் அமைப்பில்தான் ஏதோ கோளாறு. முதலில் நேர மண்டலம் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள்.