உருளைக்கிழங்கு வறுவல்: பச்சையாகவா, வேகவைத்தா?

பச்சையாக நறுக்கி நேரே எண்ணெயில் போட்டால் மொறுமொறுப்பு அதிகம். ருசியில் இதற்கே என் ஓட்டு. ஆனால் உள்ளே வேகும் வரை காத்திருந்தால் விளிம்புகள் கரும்பழுப்பாகிவிடும். கிழங்கில் உள்ள சர்க்கரையும் அஸ்பாரஜின் என்ற அமினோ அமிலமும் 120 டிகிரிக்கு மேல் சேர்ந்து அக்ரிலமைடு என்ற வேதிப்பொருளாகின்றன. நிறம் கறுக்கக் கறுக்க அதுவும் கூடும். 1994-இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை இதை 'அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்ற பட்டியலில் சேர்த்தது. அது விலங்குச் சோதனைகளை வைத்து. உணவு வழியாக மனிதருக்கு எவ்வளவு பாதிப்பு என்பது இன்னும் உறுதியாகவில்லை.

வேகவைத்து வறுப்பதில் கதை வேறு. கொதிக்கும் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது, அதனால் அங்கே அக்ரிலமைடு உருவாக வழியில்லை. நறுக்கிய துண்டுகளை அரைவேக்காடாக எடுத்தால் சர்க்கரையும் கொஞ்சம் தண்ணீரில் இறங்கிவிடும். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, துண்டுகளை ஈரம் போகத் துடைத்துப் போட்டால் வாணலியில் சிறிது நேரமே போதும். பொன்மஞ்சள் நிறம் வந்ததும் இறக்கிவிடலாம். குழையவிட்டால் மட்டும் மசியலாகிவிடும்.

பச்சையாகத்தான் வேண்டும் என்றால் சரி, நறுக்கியதை அரைமணி நேரம் தண்ணீரில் ஊறவிட்டு வடித்துத் துடைத்து, மிதமான தீயில் வறுங்கள். வேகவைத்த அளவுக்கு வராவிட்டாலும் அக்ரிலமைடு ஓரளவு குறையும்.