லைசன்ஸ் தேதி முடிந்து மூன்று வருஷம்: பினாங்குப் பயணத்தில் தெரிந்துகொண்டவை

மெல்பர்னில் இருந்து ஊருக்குக் கிளம்பும் முன்பே எங்கள் குடும்ப வாட்ஸ்அப்பில் ஒரு அறிவிப்பு சுற்றிக்கொண்டிருந்தது. "லைசன்ஸ் முடிந்தவர்களுக்கு மூன்று வருஷ அவகாசம் உண்டு, மருத்துவச் சான்றிதழ் கட்டாயம், இல்லையென்றால் ரத்து." யார் எழுதியது என்று தெரியாது. எழுதியவர் பாதி சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். மீதிப் பாதியை நம்பினால் பணமும் போகும், ஆபத்தும் வரும். பட்டர்வொர்த்தில் அப்பா வீட்டில் இருந்துகொண்டு தம்பியின் லைசன்ஸைப் புதுப்பித்த அனுபவத்தில் இதை எழுதுகிறேன். வெளிநாட்டில் இருந்து வரும் மலேசியக் குடிமக்களுக்கு, அதுவும் சாதாரண கார் லைசன்ஸ் வைத்திருப்பவர்களுக்கு, இது நேரடியாகப் பயன்படும்.

முதலில் அந்த மூன்று வருஷத்தைப் பார்ப்போம். தம்பி பெர்த்தில் வேலை செய்கிறான். அவனுடைய மலேசிய லைசன்ஸ் அட்டையில் 'தெம்போ' என்ற வரியில் முடிவுத் தேதி 18 ஜனவரி 2023. நாங்கள் வந்தது 2025 நவம்பரில். ஜேபிஜே கணக்கில் லைசன்ஸ் முடிந்த நாளில் இருந்து மூன்று வருஷத்துக்குள் வந்தால் தேர்வு எதுவும் எழுதாமல் புதுப்பித்துக் கொள்ளலாம். அப்படியானால் அவனுக்கு 2026 ஜனவரி 18 வரை நேரம் இருந்தது. "அதுதான் இன்னும் ரெண்டு மாசம் இருக்கே, அதுவரைக்கும் ஓட்டலாம்தானே" என்று அவன் அப்பாவின் கார் சாவியை எடுத்தபோதுதான் எனக்கு உறைத்தது, அந்த அறிவிப்பை எல்லாருமே இப்படித்தான் புரிந்துகொண்டிருக்கிறார்கள் என்று.

அந்த மூன்று வருஷமும் புதுப்பிப்பதற்கான அவகாசம். ஓட்டுவதற்கான அவகாசம் ஒரு நாள்கூடக் கிடையாது. 2023 ஜனவரி 19 காலையில் அவன் காரை எடுத்திருந்தாலும் சட்டப்படி லைசன்ஸ் இல்லாமல் ஓட்டியதாகவே கணக்கு. 1987 சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 26ஆம் பிரிவு இதற்கு 300 முதல் 2,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. அதே பிரிவில் இன்னொரு விஷயம் இருக்கிறது, இதை அப்பாக்களும் மாமாக்களும் படிக்க வேண்டும். செல்லுபடியாகும் லைசன்ஸ் இல்லாத ஒருவரைத் தன் வண்டியை ஓட்ட அனுமதிப்பவரும் குற்றவாளிதான். பிள்ளை வெளிநாட்டில் இருந்து வந்திருக்கிறான், ஆசையாக ஓட்டட்டும் என்று சாவியைக் கொடுக்கும் அப்பாவின் தலையிலும் அது விழும்.

விபத்து என்று வந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம். காப்புறுதி நிறுவனம் முதலில் கேட்கும் தாள்களில் ஓட்டியவரின் லைசன்ஸ் நகலும் ஒன்று. தேதி முடிந்த லைசன்ஸைக் கொடுத்தால் கிளைம் அங்கேயே சிக்கிக்கொள்ள வாய்ப்பு உண்டு. ஓட்டுநரைப் பற்றிப் பாலிசியில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருமுறை எடுத்துப் படித்துவிடுங்கள். அப்பாவின் காரை அன்று முழுக்க அப்பாவேதான் ஓட்டினார்.

மறுநாள் பாலம் தாண்டித் தீவுக்குப் போனோம், பத்து உபான் ஜேபிஜே கிளைக்கு. செபராங் ஜெயாவிலும் ஜேபிஜே இருக்கிறது, எங்களுக்கு அதுதான் பக்கம். அத்தையைப் பார்க்க எப்படியும் குளுகோர் போக வேண்டியிருந்ததால் தீவையே தேர்ந்தெடுத்தோம். தபால் நிலையத்திலும் புதுப்பிக்கலாம், சிறிய சேவைக் கட்டணம் சேரும். தம்பியின் லைசன்ஸ் முடிந்து வெகு நாளாகிவிட்டதால், சிக்கல் எதுவும் இருந்தால் அங்கேயே தெரிந்துவிடட்டும் என்று ஜேபிஜே கவுண்ட்டருக்கே போனோம். கையில் மைகார்டும் பழைய லைசன்ஸ் அட்டையும்.

சிக்கல் இருக்கத்தான் செய்தது. கவுண்ட்டரில் இருந்த தமிழ்ப் பெண் திரையைப் பார்த்துவிட்டு, "அண்ணே, உங்க பேர்ல சம்மன் ஒண்ணு நிக்குது. அதைக் கட்டினாத்தான் இது நகரும்" என்றார். வெளிநாடு போவதற்கு முன் வாங்கிய பழைய சம்மன், அவனுக்கு ஞாபகமே இல்லை. கட்டாத சம்மனுக்காகத் தடைப்பட்டியலில் பெயர் ஏறியிருந்தால் லைசன்ஸும் புதுப்பிக்க முடியாது, சாலை வரியும் கட்ட முடியாது. அன்றே கட்டி முடித்தான், தடையும் நீங்கியது. வெளிநாட்டில் இருப்பவர்கள் விமானம் ஏறும் முன்பே MyJPJ செயலியில் லைசன்ஸின் முடிவுத் தேதியையும் சம்மன் நிலுவையையும் பார்த்துவிடுவது நல்லது. ஒரு வார விடுமுறையில் இதற்காக ஒரு நாளை இழப்பது வயிற்றெரிச்சல்.

கட்டணத்தில் குழப்பம் இல்லை. கார் லைசன்ஸுக்கு வருஷத்துக்கு 30 ரிங்கிட், மோட்டார்சைக்கிள் மட்டும் என்றால் வருஷத்துக்கு 20. தாமதமாக வந்ததற்காகத் தனி அபராதம் எதுவும் தம்பியிடம் கேட்கவில்லை. ஆனால் எத்தனை வருஷத்துக்கு எடுப்பது என்பதில் கொஞ்சம் யோசிக்க வேண்டும். "நான் எங்க இங்க ஓட்டப்போறேன், ஒரு வருஷம் போதும்" என்றான் தம்பி. நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு வருஷத்துக்கு 30 ரிங்கிட் கட்டினால், அந்த ஒரு வருஷமும் அதற்குப் பின் மூன்று வருஷப் புதுப்பிப்பு அவகாசமும் சேர்த்து நான்கு வருஷத்துக்குள் அவன் திரும்பி வந்தாக வேண்டும். ஐந்து வருஷத்துக்கு 150 ரிங்கிட் கட்டினால் அதுவே எட்டு வருஷம் ஆகிறது. அவனோ நான்கு வருஷத்துக்கு ஒருமுறை வருவதே பெரிய விஷயம். 120 ரிங்கிட் மிச்சம் பிடிக்கப் போய் லைசன்ஸையே இழப்பதில் அர்த்தம் இல்லை என்றேன். ஐந்து வருஷத்துக்கே எடுத்தான். புதிய தேதி செயலியில் வந்துவிட்டது. 2023 முதல் மலேசியக் குடிமக்கள் அட்டையைக் கையில் வைத்திருக்க வேண்டியதில்லை, செயலியில் உள்ளதைக் காட்டினால் போதும்.

இனி மருத்துவச் சான்றிதழ். இதில்தான் எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது, ஏனென்றால் அந்த அறிவிப்பை நம்பி அப்பா ஏற்கனவே ஒரு கிளினிக்கில் பணம் கொடுத்துப் பரிசோதனை செய்துகொண்டு தாளோடு தயாராக இருந்தார். அவருக்கு 71 வயது, வைத்திருப்பது சாதாரண கார் லைசன்ஸ். கவுண்ட்டரில் அந்தத் தாளை யாரும் கேட்கவில்லை. தனியார் கார், மோட்டார்சைக்கிள் லைசன்ஸைப் புதுப்பிக்க மருத்துவச் சான்றிதழ் தேவையில்லை. அதற்குப் பதிலாக இருப்பது நம்முடைய சொந்த உறுதிமொழி. வலிப்பு, திடீர் மயக்கம் போல, ஓட்டும்போது மற்றவர்களுக்கு ஆபத்தாகக்கூடிய நோயோ உடற்குறையோ உண்டா என்பதை விண்ணப்பிப்பவரே அறிவிக்க வேண்டும் என்று சட்டத்தின் 30ஆம் பிரிவு சொல்கிறது. யாரும் சான்றிதழ் கேட்கவில்லை என்பதால் அதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அப்பாவுக்குச் சர்க்கரை இருக்கிறது, ஒருமுறை இறங்கி மயக்கமும் வந்திருக்கிறது. லைசன்ஸுக்காக இல்லாவிட்டாலும், ஓட்டலாமா என்று அவருடைய வழக்கமான டாக்டரிடம் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.

அப்படியானால் அந்தச் சான்றிதழ் யாருக்கு? எங்கள் மாமாவுக்கு. பிறையில் லாரி ஓட்டுகிறார், அவரிடம் சரக்கு வண்டிக்கான ஜிடிஎல் இருக்கிறது. பேருந்து, டாக்சி ஓட்டுபவர்களின் பிஎஸ்வியும் இதே வகைதான். இந்தத் தொழில்முறை லைசன்ஸ்களுக்கு மருத்துவர் நிரப்பிக் கையெழுத்திட்ட படிவம் வேண்டும். இணையத்தில் JPJL8A என்று தட்டினால் கிடைக்கும். மாமாவுக்கு டாக்டர் கண் பார்வை, நிறம் பிரித்தறிவது, ரத்த அழுத்தம், சிறுநீரில் சர்க்கரை எல்லாம் பார்த்தார். அந்தப் படிவத்தை அவர் காட்டியபோதுதான் விளங்கியது, வாட்ஸ்அப்பில் யாரோ லாரிக்காரர்களுக்கான விதியை எடுத்து எல்லாருக்குமாக எழுதிவிட்டார்கள். மாமா மாதிரி இருப்பவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ஜிடிஎல்லுக்குத் தனித் தேதி. கார் லைசன்ஸ் உயிரோடு இருக்கும்போதே ஜிடிஎல் முடிந்து போகலாம். அப்போது சொந்தக் காரை ஓட்டலாம், லாரியைத் தொடக் கூடாது.

மூன்று வருஷமும் தாண்டிவிட்டால்? அத்தை மகனுக்கு அப்படித்தான் ஆனது. அவனுடையது 2022 மார்ச்சில் முடிந்தது, இங்கிலாந்தில் படிப்பு, பிறகு வேலை. 2025 மார்ச்சோடு கதவு மூடிவிட்டது. இனி பணம் கட்டி மட்டும் புதுப்பிக்க முடியாது. புதிதாக எடுப்பவர் போல வகுப்பு, கணினித் தேர்வு, எல் லைசன்ஸ், ஓட்டுநர் தேர்வு என்று முதலில் இருந்து வர வேண்டும். டிரைவிங் ஸ்கூலுக்கு ஆகும் செலவைப் பார்த்தால் வருஷத்துக்கு 30 ரிங்கிட் ஒன்றுமே இல்லை. ஒரே ஒரு வழி மிச்சம் இருக்கிறது, மேல்முறையீடு. வெளிநாட்டுப் படிப்பு, வேலை, நீண்ட நோய் போன்ற காரணத்தால் வர முடியவில்லை என்று ஜேபிஜேயிடம் எழுதிக் கேட்கலாம். ஏற்பதும் மறுப்பதும் அவர்கள் கையில். அதனால் காரணத்தைச் சொன்னால் மட்டும் போதாது, காட்ட வேண்டும். அத்தை மகன் பல்கலைக்கழகக் கடிதம், வேலை நியமனக் கடிதம், வெளியே போன தேதியும் வந்த தேதியும் தெரியும் பாஸ்போர்ட் பக்கங்கள் எல்லாவற்றையும் நகல் எடுத்து அத்தையிடம் கொடுத்து வைத்திருக்கிறான். அடுத்த முறை வரும்போது அசல்களோடு கவுண்ட்டருக்குப் போவதாகத் திட்டம்.